கச்சேரி வீடியோவை உருப்படிகளாகப் பிரிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் பாட்டு டீச்சரின் மாணவர்களுக்காகக் கச்சேரிப் பதிவுகளை உருப்படி உருப்படியாகப் பிரித்துத் தருகிறேன். ஒவ்வொன்றுக்கும் ராகம், தாளம், காலப்பிரமாணம், தொடங்கும் நேரம் ஆகிய நான்கும் வேண்டும். கேட்கச் சின்ன வேலையாகத்தான் இருக்கும். செய்துபார்த்தால் சில இடங்களில் எல்லோருமே தடுக்கி விழுகிறோம். அந்த இடங்களை அறிகுறிப்படி இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்கிறேன். பெண் குரல், ஐந்து கட்டை சுருதி, வயலின், மிருதங்கம், 2 மணி 21 நிமிடப் பதிவு. பிரதான உருப்படி பூர்விகல்யாணியில் 'மீனாக்ஷி மே முதம் தேஹி', ஆதி தாளம், இரண்டு களை.

அறிகுறி: மௌனத்தை வைத்துத் தானாகப் பிரிக்கச் சொன்னால் ஒரு வெட்டும் விழவில்லை, அல்லது ஆலாபனை நடுவே வெட்டு விழுகிறது

மௌனம் கண்டுபிடிக்கும் கட்டளையைத்தான் பெரும்பாலோர் முதலில் முயல்கிறார்கள்.

```
ffmpeg -i kacheri.mp4 -vn -af silencedetect=noise=-40dB:d=2 -f null -
```

மேடைப் பேச்சுக்கு இது நன்றாக வேலை செய்யும். கச்சேரியில் செய்யாது, ஏனென்றால் கச்சேரியில் மௌனமே கிடையாது. பாடகர் தண்ணீர் குடிக்கும்போதும் தம்பூராவோ சுருதிப் பெட்டியோ ஒலித்துக்கொண்டே இருக்கிறது. `-40dB` என்ற அளவை `-25dB` ஆக்கினால் வெட்டுகள் விழத்தான் செய்யும். ஆனால் அவை தார ஸட்ஜத்திலிருந்து இறங்கிக் கீழே மெல்லக் கார்வை கொடுக்கும் இடங்களில் விழும். ஆலாபனையில் மிக அமைதியான இடமும் அழகான இடமும் பல நேரம் ஒன்றுதான். எந்த அளவை வைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது என்பதால் இந்த வழியையே விட்டுவிடுங்கள்.

அடுத்து கைத்தட்டலை நம்பத் தோன்றும். அதுவும் ஏமாற்றும். எங்கள் கச்சேரியில் அந்த ஒரு பூர்விகல்யாணிக்குள்ளேயே குரல் ஆலாபனை முடிந்ததும், வயலின் ஆலாபனை முடிந்ததும், நிரவல், கற்பனைஸ்வரம், தனி ஆவர்த்தனம் ஆகியவை முடிந்ததும், கடைசியில் பாட்டு முடிந்ததும் கைத்தட்டல் வந்தது. கைத்தட்டலை மட்டும் வைத்து வெட்டினால் ஓர் உருப்படி ஆறாகிவிடும்.

நம்பத்தக்க அடையாளம் மிருதங்கம். ஆடாசிட்டியில் ஒலியைத் திறந்து அலைப்படத்தைப் பாருங்கள். ஆலாபனை மெல்லிய, வழுவழுப்பான பட்டையாகத் தெரியும். மிருதங்கம் சேர்ந்ததும் நெருக்கமான முட்களாக மாறும். கைத்தட்டல் முள்ளே இல்லாத செங்கல் போல நிற்கும். முட்கள் தொடங்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பாடகர் பல்லவியை எடுத்த பிறகே மிருதங்கம் சேர்வது வழக்கம், பெரும்பாலும் ஓர் ஆவர்த்தனம் கழித்து. எங்கள் பதிவில் முதல் மிருதங்க அடி 1:24:21-இல் இருந்தது, பாட்டு தொடங்கியது 1:24:08-இல். அடி விழுந்த இடத்தையே தொடக்கமாகக் குறித்தால் மாணவருக்குப் பல்லவியின் முதல் வரி கிடைக்காது. எடுப்பு எங்கே என்று கற்றுக்கொள்ள வேண்டியவருக்கு அந்த வரிதான் மிக முக்கியம்.

பிரதான உருப்படிக்கு ஒரே நேரக்குறி போதாது. ஆலாபனை, வயலின், கிருதி, நிரவல், ஸ்வரம், தனி என்று உள்ளே தனித்தனியாகக் குறியுங்கள். கிருதி பாடம் ஆகும் மாணவர் கிருதிக்கு நேராகப் போவார். ராகம் பழகுகிறவருக்கு ஆலாபனை போதும்.

அறிகுறி: நேரக்குறியை அழுத்தினால் வேறு இடம் வருகிறது

உடனே எல்லாவற்றையும் திருத்தத் தொடங்க வேண்டாம். முதல் உருப்படியில், நடுவில், கடைசியில் என மூன்று இடங்களில் எத்தனை நொடி பிசகுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிசகு எப்படி மாறுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

மூன்றிலும் ஒரே பிசகு என்றால், பட்டியல் போட்ட பிறகு யாரோ வீடியோவின் தொடக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒருமுறை எல்லா இடத்திலும் சரியாக 47 நொடி தள்ளியிருந்தது. மைக் சோதனை நடந்த பகுதியை வெட்டிவிட்டு ஏற்றியிருந்தார்கள். எல்லாவற்றிலும் 47-ஐக் கழித்ததோடு வேலை முடிந்தது.

ஓர் இடம் வரை சரியாக இருந்து, அதற்குப் பிறகு திடீரென்று பெரிதாகப் பிசகினால், கேமரா பதிவைப் பல கோப்புகளாக உடைத்திருக்கிறது. பல கேமராக்கள் 4 ஜிபி ஆனதும் புதிய கோப்பைத் தொடங்கும், அதில் நேரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். துண்டுத் துண்டாகக் குறித்துப் பிறகு கூட்டுவது தவறுக்கு வழி. முதலில் இணைத்துவிட்டு, இணைத்த கோப்பிலேயே குறியுங்கள். `list.txt` கோப்பில் ஒவ்வொரு வரியிலும் `file '01.mp4'` என்ற வடிவில் பெயர்களை வரிசையாக எழுதி, இதை ஓட்டுங்கள்:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy kacheri.mp4
```

மூன்றாவது வகைதான் அதிகம் அலைக்கழிப்பது. தொடக்கத்தில் எல்லாம் சரி. போகப் போகப் பிசகு வளர்கிறது. வளர்ச்சி மணிக்கு 3.6 நொடி என்றால் காரணம் உறுதியாகத் தெரிந்துவிடும். பல போன்களும் கேமராக்களும் நொடிக்கு 30 பிரேம் என்று சொல்லிக்கொண்டு 29.97 பிரேம்தான் பதிகின்றன. எடிட்டிங் மென்பொருள் அதை முழு 30 என்று எண்ணினால், அதன் நேரங்காட்டி உண்மையான கடிகாரத்துக்குப் பின்தங்கும். எங்கள் பட்டியலை எடிட்டிங் திரையைப் பார்த்து எழுதிய நண்பர் ஹம்சத்வனியை 10:04 என்று போட்டிருந்தார். அது தொடங்குவது 10:05-க்குச் சற்று முன்னால். யாரும் கவனிக்கவில்லை. கிருதியை 1:24:03 என்று போட்டிருந்தார். அழுத்தினால் வயலினின் கடைசிப் பிடி கேட்டது. குறிஞ்சிக்கு வந்தபோது பிசகு ஏறக்குறைய 8 நொடி. மென்பொருள் அமைப்பில் 'டிராப் பிரேம்' நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் இது நேராகிவிடும். ஏற்கெனவே எழுதிய பட்டியல் என்றால் ஒவ்வொரு நேரத்தையும் நொடியாக்கி 1.001-ஆல் பெருக்குங்கள். 25 பிரேமில் பதிந்த வீடியோவில் இந்தக் கோளாறு வராது.

அறிகுறி: வெட்டிய துண்டில் பாட்டு கேட்கிறது, படம் முதலில் உறைந்து நிற்கிறது

`-c copy` என்று போட்டு வெட்டினால் வீடியோ மறுபடி சுருக்கப்படாது, வேலை நொடியில் முடியும். ஆனால் படம் முழுமையாகச் சேமிக்கப்பட்ட ஒரு பிரேமிலிருந்துதான் தொடங்க முடியும். நீங்கள் கேட்ட நொடியில் அப்படிப்பட்ட பிரேம் இல்லையென்றால் படம் உறைந்தோ கறுப்பாகவோ நிற்கும், அல்லது துண்டு சில நொடி முன்னதாகவே தொடங்கும். துல்லியம் வேண்டுமானால் படத்தை மறுபடி சுருக்க வேண்டும்:

```
ffmpeg -ss 1:24:08 -i kacheri.mp4 -t 822 -c:v libx264 -crf 20 -c:a aac -b:a 192k kriti.mp4
```

822 என்பது 1:37:50-இல் நிரவல் தொடங்கும் வரையான நொடிகள். வீட்டில் பழகுவதற்கான துண்டுக்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை. இரண்டு மூன்று நொடி முன்னதாகத் தொடங்கி, தம்பூரா கேட்ட பிறகு பாட்டு வருவதே மாணவருக்கு நல்லது. சுருதியோடு சேர அந்த நேரம் உதவுகிறது.

அறிகுறி: ராகம் எழுதியாயிற்று, கேட்பவர்கள் தவறு என்கிறார்கள்

இதில் மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒரே முகத்தோடு வருகின்றன.

முதலாவது அவசரம். ஆலாபனையின் முதல் நிமிடத்தில் பாடகர் ஸட்ஜத்தைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தார். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிறகு பிரதி மத்திமம். நான் 'பந்துவராளி' என்று எழுதிவிட்டேன். இந்த மூன்று ஸ்வரமும் பூர்விகல்யாணிக்கும் பந்துவராளிக்கும் பொது. வித்தியாசம் தைவதத்தில்: பூர்விகல்யாணியில் சதுஸ்ருதி தைவதம், பந்துவராளியில் சுத்த தைவதம். டீச்சர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தைவதம் வரும்வரை பேனாவைத் திறக்காதே அம்மா" என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்கிறேன். பூர்விகல்யாணி என்றால் 'ப த ப ஸ' என்று மேல் ஸட்ஜத்துக்கு ஏறும் பிடி விரைவில் வந்துவிடும். அது கேட்ட பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, பெயர் வேறு, ராகம் ஒன்று. முத்துசுவாமி தீட்சிதர் சம்பிரதாயத்தில் இந்த ராகத்தின் பெயர் கமகக்ரியா. இந்தக் கிருதியின் சாஹித்யத்திலேயே 'தசகமகக்ரியே' என்று ராகப் பெயர் முத்திரையாக வருகிறது. ஒருவர் பூர்விகல்யாணி என்பார், இன்னொருவர் கமகக்ரியா என்பார். இருவரும் சரி. மாணவர் எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கும்படி இரண்டையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையாகவே தலையைச் சுற்ற வைப்பது. முக்கால் கச்சேரி வரை ராகங்கள் எல்லாம் சரியாக இருக்கும். கடைசித் துக்கடாக்களில் ஒன்று மட்டும் எதோடும் பொருந்தாது. எங்கள் கச்சேரியில் 2:08:02-இல் தொடங்கிய பாட்டின் ஸ்வரங்களை ஐந்து கட்டையை ஸட்ஜமாக வைத்து ஒரு மாணவர் எழுதிப் பார்த்தார். ஹரிகாம்போஜியின் ஏழு ஸ்வரங்களும் வந்தன. ஆனால் காதுக்கு அது ஹரிகாம்போஜியாகக் கேட்கவே இல்லை. அந்தப் பாட்டு குறிஞ்சி. குறிஞ்சி, செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்றவற்றை மத்திம சுருதியில் பாடுவது மரபு. அதாவது அதுவரை மத்திமமாக இருந்த ஸ்தானமே இப்போது ஸட்ஜம். சங்கராபரணத்தின் ஸ்வரங்களைக் கொண்ட குறிஞ்சியைப் பழைய ஸட்ஜத்திலிருந்து எண்ணினால் கைசிகி நிஷாதம் தோன்றி ஹரிகாம்போஜி போலத் தெரிகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பாட்டுக்கு முந்திய இடைவெளியைக் கேளுங்கள். தம்பூராவில் பஞ்சமத் தந்தியை மத்திமத்துக்கு இறக்குவார்கள். சுருதிப் பெட்டி என்றால் 'ப' என்பதிலிருந்து 'ம'-வுக்கு மாற்றுவார்கள். ஸ-ப என்று ஒலித்த சுருதி ஸ-ம என்று மாறுவது காதில் தெளிவாக விழும். அந்த மத்திமத்தை ஸட்ஜமாகக் கொண்டு மறுபடி ஸ்வரம் போட்டால் எல்லாம் ஒழுங்காக உட்காரும். பட்டியலில் ராகத்தோடு 'மத்திம சுருதி' என்றும் எழுதுங்கள். எழுதாவிட்டால் வீட்டில் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டை பஞ்சமத்தில் வைத்துக்கொண்டு பழகுகிற குழந்தை குழம்பும்.

ராகமாலிகையும் விருத்தமும் வந்தால் ஓர் உருப்படிக்கு ஒரு ராகம் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, ராகம் மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் போடுங்கள். அது போதும்.

அறிகுறி: சவுக்கமான பாட்டுக்கு வேகம் 150 என்று காட்டுகிறது

வேகம் கணிக்கும் செயலியிடம் எங்கள் பூர்விகல்யாணிக் கிருதியைக் கொடுத்தபோது நிமிடத்துக்கு 150 என்றது. கேட்டால் அவ்வளவு நிதானமான பாட்டு. செயலி பொய் சொல்லவில்லை. அது தாளத்தை அறியாது, மிருதங்கத்தின் சொற்கட்டுகளை எண்ணுகிறது. மிருதங்க வித்வான் ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் பல சொற்களை நிரப்புகிறார்.

எண்ண வேண்டியது ஆவர்த்தனத்தை. கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு ஸமத்திலும் ஆடாசிட்டியில் `Ctrl+M` அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். பத்து ஆவர்த்தனம் எண்ண வேண்டுமானால் பதினோரு குறி வேண்டும். பத்துக் குறிகளுக்கு நடுவே ஒன்பது ஆவர்த்தனங்களே இருக்கின்றன. இந்த ஒன்றை மறந்து நான் ஒரு மாதம் எல்லாப் பாட்டையும் ஒன்பதில் ஒரு பங்கு வேகமாக எழுதியிருந்தேன், பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினேன். ஸமம் பிடிபடவில்லையென்றால் பல்லவியின் எடுப்பிலிருந்து அதே எடுப்பு வரை அளக்கலாம். பாட்டு ஸமத்தில் தொடங்காமல் தள்ளி எடுத்தாலும், இரண்டு முனையும் ஒரே இடம் என்பதால் கணக்கு மாறாது. அந்த எடுப்புக்கும் எடுப்புக்கும் நடுவே எத்தனை ஆவர்த்தனம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிருதியில் பத்து ஆவர்த்தனத்துக்கு 128 நொடி ஆயிற்று. ஓர் ஆவர்த்தனம் 12.8 நொடி. ஆதி தாளத்தில் 8 அட்சரம், ஆகவே நிமிடத்துக்கு 37.5 அட்சரம். இரண்டு களையில் ஒவ்வொரு எண்ணிக்கையும் கையில் இருமுறை விழுவதால் கை நிமிடத்துக்கு 75 முறை அசையும். செயலி சொன்ன 150 அதற்கும் இரண்டு மடங்கு. மூன்று எண்ணும் ஒரே பாட்டின் எண்கள்தாம், எதை எண்ணினோம் என்பதில்தான் வேறுபாடு. இதனால்தான் நான் வெறும் எண்ணை எழுதுவதில்லை. 'ஆதி, இரண்டு களை, ஆவர்த்தனம் 12.8 நொடி' என்று எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டு யாரும் கையால் தாளம் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். களை ஒன்றா இரண்டா என்ற சந்தேகத்தைத் தீர்க்க வீடியோ இருப்பது பெரிய வசதி: பாடகரின் தொடையில் விழும் கையைப் பாருங்கள்.

இதிலேயே இன்னொரு மயக்கம், பாட்டின் நடுவே வேகம் இரட்டிப்பானது போலத் தோன்றுவது. தீட்சிதர் கிருதிகளில் மத்திமகால சாஹித்யம் வரும்போது சொற்கள் இரு மடங்கு நெருக்கமாக ஓடுகின்றன. வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடும்போதும் அப்படியே. சொற்கள்தாம் ஓடுகின்றன, தாளம் அதே நடையில் போகிறது. அந்த இடத்தில் மறுபடி பத்து ஆவர்த்தனம் அளந்து பாருங்கள். எங்கள் கச்சேரியில் சரணத்து மத்திமகாலம் நடக்கும்போதும் ஆவர்த்தனம் 12.8-ஐ ஒட்டியே நின்றது. கற்பனைஸ்வரத்தின் இறுதியில் 12.1 ஆகியிருந்தது. அது உண்மையான வேக ஏற்றம், அதைத் தனியாகக் குறித்தேன். அளவு எப்போதும் மிருதங்கம் சேர்ந்து, பல்லவி நிலைபெற்ற பிறகு எடுத்ததாக இருக்கட்டும். பாட்டு எடுக்கும் முதல் ஆவர்த்தனத்தில் காலப்பிரமாணம் இன்னும் உட்கார்ந்திருக்காது.

அறிகுறி: விவரப் பகுதியில் பட்டியல் போட்டும் யூடியூபில் பகுதிகள் தோன்றவில்லை

முதல் வரி `0:00` என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரக்குறிகள் வேண்டும். அவை ஏறுவரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பட்டியல் வெறும் எழுத்தாகவே கிடக்கும்.

கச்சேரிப் பட்டியலில் இது பிசகும் இடங்கள் இரண்டு. ஆலாபனையின் நீளத்தை '12:43' என்று வரியின் கடைசியில் எழுதுவோம். அதுவும் ஒரு நேரக்குறியாகப் படிக்கப்பட்டு வரிசை கெடும். 'சுமார் 13 நிமிடம்' என்று எழுதுங்கள். அடுத்தது, மங்களத்துக்கு முன்னால் இடைவெளியே இல்லாமல் வரும் ஒற்றைவரிச் சுலோகம். எங்கள் பதிவில் அது எட்டு நொடிதான். அதற்குத் தனி நேரம் கொடுத்ததால்தான் பட்டியல் முழுவதும் தோன்றாமல் போயிருந்தது. மங்களத்தோடு சேர்த்த பிறகு சரியாயிற்று. அந்தப் பட்டியலின் பிரதான பகுதி இப்படி நின்றது:

```
1:04:37 பூர்விகல்யாணி / கமகக்ரியா – ஆலாபனை
1:17:20 வயலின் ஆலாபனை
1:24:08 மீனாக்ஷி மே முதம் – ஆதி, 2 களை, ஆவர்த்தனம் 12.8 நொடி
1:37:50 நிரவல் – மதுராபுரி நிலயே
1:43:55 கற்பனைஸ்வரம் – இறுதியில் ஆவர்த்தனம் 12.1 நொடி
1:53:30 தனி ஆவர்த்தனம்
2:06:45 பல்லவி திரும்புதல்
2:08:02 குறிஞ்சி – மத்திம சுருதி
```